வெளிநாட்டுப் படிப்புக்குச் சேமிப்பு: சொந்த நாட்டுப் பணத்திலா, டாலரிலா?

மகளுக்கு இப்போது பத்து வயது, பதினெட்டில் வெளிநாட்டில் பட்டப் படிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வி இதுதான்: நம் பணத்திலேயே டெபாசிட் போட்டு வளர்த்து, போகும் நேரத்தில் மொத்தமாக டாலராக மாற்றுவதா, இல்லை இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக டாலர் சேர்ப்பதா? "இங்கே 7 சதவீத வட்டி, டாலரில் 4தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

யோசிக்க இருக்கிறது. வட்டியை மட்டும் பார்த்தால் தவறான இடத்துக்குத்தான் போவீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முழுப் படிப்புக்கும் இன்றைய செலவு 60,000 டாலர், ஒரு டாலருக்கு உங்கள் பணத்தில் 50 என்று வைத்துக்கொள்வோம். அதாவது 30 லட்சம். எளிமைக்காக இந்தத் தொகை இன்றே கையில் இருப்பதாகவும் எடுத்துக்கொள்கிறேன். கட்டணம் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால், எட்டு ஆண்டில் செலவு ஏறக்குறைய 82,000 டாலர். 60,000 டாலரை 4 சதவீதத்தில் போட்டாலும் அதே 82,000தான் வரும். உள்நாட்டில் 7 சதவீதத்தில் போட்டால் 30 லட்சம் சுமார் 51.5 லட்சமாகும். இதற்கிடையில் உங்கள் நாணயம் ஆண்டுக்கு 3 சதவீதம் இறங்கியிருந்தால் டாலர் 63ஐத் தாண்டியிருக்கும். செலவு 52 லட்சம் அளவில் நிற்கும். ஆக இரண்டு வழியும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன. கூடுதலாகக் கிடைத்த 3 சதவீத வட்டி லாபமில்லை, நாணயம் தேய்ந்ததற்கு ஈடு, அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், நாணயம் இப்படி ஆண்டுக்கு மூன்று மூன்றாக ஒழுங்காக இறங்குவதில்லை. பல ஆண்டு அசையாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒரே பருவத்தில் சரியும். இலங்கை ரூபாய் 2022 தொடக்கத்தில் டாலருக்கு 200 அளவில் பிடித்து நிறுத்தப்பட்டிருந்தது. அதே ஆண்டு மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அந்த வசந்த காலத்தில் முதல் கட்டணம் கட்ட வேண்டியிருந்த குடும்பத்துக்கு முந்தைய பத்து ஆண்டுச் சராசரி எந்த வகையில் உதவும்?

நம் கணக்கிலும் கடைசி ஆண்டில் விகிதம் 75 ஆகிவிட்டது என்று வைப்போம். செலவு 61.5 லட்சம், கையில் 51.5. பத்து லட்சம் துண்டு விழுகிறது. பாதியை ஆரம்பத்திலேயே டாலரில் வைத்திருந்தால் துண்டு ஐந்து லட்சம். மறுபக்கம், நாணயம் உறுதியாக நின்று 55லேயே இருந்தால், முழுக்க உள்நாட்டில் வைத்தவருக்கு ஆறு லட்சத்துக்கு மேல் மிச்சம். பாதிப் பாதி வைத்தவருக்கு மூன்று லட்சம் போல. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிச்சம் குறைந்தால் யாருக்கும் படிப்பு நிற்காது. பத்து லட்சம் குறைந்தால் கடன் வாங்க வேண்டும், அல்லது மகள் வேறு கல்லூரியைத் தேட வேண்டும். அதனால்தான் டாலர் சேர்க்கச் சொல்கிறேன். அது அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும் என்பதற்காக அல்ல.

ஆனால் இன்றே முழுவதையும் மாற்றவும் சொல்லமாட்டேன். பத்து வயதுக் குழந்தை எந்த நாட்டுக்குப் போகும், போகத்தான் போகிறதா என்பதே தெரியாது. இப்போதைக்குச் சேமிப்பில் நாலில் ஒரு பங்கு டாலரில் போகட்டும். பதினான்கு வயதில் பாதியாக்குங்கள். நாடு முடிவான பிறகு, பெரும்பாலும் கடைசி இரண்டு ஆண்டில், முதல் ஆண்டுச் செலவு முழுவதும் அந்த நாட்டு நாணயத்தில் இருக்கும்படி செய்யுங்கள். மீதியைப் படிப்பு நடக்கும்போதே தவணை தவணையாக மாற்றலாம். கட்டணமும் ஒரே நாளில் கேட்கப்படுவதில்லையே.

நாடு முடிவாகும்வரை டாலர் ஒரு இடைத்தங்கல் மட்டுமே. பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்கு மறுநாள், 2016 ஜூன் 24 அன்று, பவுண்டு ஒரே நாளில் டாலருக்கு எதிராகச் சுமார் 8 சதவீதம் சரிந்தது. டாலர் வைத்திருந்து பிரிட்டனுக்கு அனுப்பியவர்களுக்கு அது அதிர்ஷ்டம். அடுத்த முறை எதிர்ப்பக்கமும் அடிக்கலாம். எனவே நாடு தெரிந்ததும் டாலரிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. வெளிநாட்டு நாணயச் சேமிப்பு என்றால் வெளிநாட்டு நாணயக் கணக்குதான் வேண்டும் என்பதில்லை. வெளிநாட்டுப் பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்டை உள்ளூர்ப் பணத்திலேயே வாங்கினாலும், உள்ளே இருக்கும் சொத்து டாலரில்தான் நகர்கிறது. உங்கள் நாணயம் சரிந்தால் அதன் மதிப்பு ஏறும். பெயரில் 'ஹெட்ஜ்' என்று இருந்தால், நாணய ஏற்ற இறக்கத்தின் விளைவை ஃபண்டே நீக்கிவிடுகிறது என்று பொருள்; அப்போது மட்டும் அந்தப் பாதுகாப்பு கழன்றுவிடும். பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கம் இருப்பதால் கடைசி மூன்று ஆண்டுக்கு இது பொருந்தாது. அதற்கு முன் எனக்குப் பிடித்த வழி இதுதான்.

சரி, டாலர் கணக்கு எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். லெபனானில் 2019 இறுதியில் உள்ளூர் வங்கிகள் டாலர் டெபாசிட்டுகளைத் திருப்பித் தர மறுத்தன. வெளிநாட்டில் படிக்கும் மாணவருக்கு 10,000 டாலர்வரை அனுப்ப வேண்டும் என்று 2020இல் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. அதன் பிறகும் பெற்றோர் வங்கி வாசலில் போராட வேண்டியிருந்தது. கணக்கில் டாலர் என்று எழுதியிருந்தது, ஆனால் எடுக்க முடியவில்லை. உங்கள் நாட்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்த வரலாறு இருந்தால், சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு ஒரு பகுதியாவது நாட்டுக்கு வெளியே இருப்பது நல்லது. அனுப்பும் வரம்பு, அதற்கான வரி இரண்டையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றும் செலவு சில்லறை விஷயம்போலத் தெரியும். மாதம் 200 டாலர் அனுப்பி, ஒவ்வொரு முறையும் 20 டாலர் கட்டணம் கொடுத்தால் பத்து சதவீதம் அங்கேயே போய்விடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 600 அனுப்பினால் அது மூன்றரைக்குள் அடங்கும். "கமிஷன் இல்லை" என்று சொல்லும் இடத்திலும் விகிதத்துக்குள் லாபம் ஒளிந்திருக்கும். கணக்கிலிருந்து போன தொகையை, அந்தப் பக்கம் சேர்ந்த டாலரால் வகுத்து, அன்றைய சந்தை விகிதத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம்தான் நீங்கள் கொடுத்த உண்மையான கட்டணம்.

கடைசியாக ஒரு தேதிக் கணக்கு. பிரிட்டன் மாணவர் விசாவுக்குத் தேவையான பணம் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருந்ததைக் காட்டச் சொல்கிறார்கள்; இடையில் ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் அடிபடும். டெபாசிட் முதிர்ச்சியையும் ஃபண்டை விற்கும் நாளையும் கட்டணக் கெடுவை வைத்து மட்டும் குறிக்காமல், விசா விண்ணப்ப நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.