பரிசா வந்த பொருள், கையில் பில் இல்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கல்யாணத்துக்கு மாமா வாங்கித் தந்த மிக்சி பத்தே நாளில் நின்றுவிட்டது. "பில் இல்லாம தொடவே மாட்டோம்" என்கிறார் கடைக்காரர். காசு கொடுத்து வாங்காத எனக்குக் கேட்கும் உரிமை உண்டா? (குடியாத்தம் வாசகி)

உண்டு. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு சொல்கிறது. பரிசு பெற்றவர் இதில் அடங்குவார்.

கடைக்குக் கிளம்பும் முன் மிக்சியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிவப்பு பட்டன் இருந்தால், அது ஓவர்லோடு சுவிட்ச். மாவு கெட்டியாகி மோட்டார் திணறினால் அது தானாக வெளியே வந்துவிடும். பிளக்கைக் கழற்றி, சூடு ஆறியதும் பட்டனை அழுத்தினால் மிக்சி ஓடும். அப்போது அது பழுதே இல்லை. அழுத்தியும் ஓடவில்லை என்றால், அடியிலுள்ள ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு, நேராகக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அவர்கள் எழுதித் தரும் ஜாப் ஷீட்தான் உங்கள் முக்கியமான ஆதாரம். "உள் பழுது" என்று அதில் இருந்தால் உங்கள் பக்கம் பலம். "அதிக லோடு, காயில் கருகியது" என்று எழுதிவிட்டால் வழக்கு தளர்ந்துவிடும். அதனால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது பில். விலை கேட்பதுபோல் ஆகிவிடுமோ என்று கூச்சப்பட வேண்டாம். "மாமா, மிக்சிக்கு வாரன்டி பதியணும், எந்தக் கடை, எந்த போன் நம்பர்ல பில் போட்டீங்க?" என்று கேட்டால் போதும். ஜிஎஸ்டி சட்டப்படி கடைகள் கணக்கை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் பில் போடும் கடை என்றால், போன் நம்பரோ தேதியோ சொன்னால் மறுபடி அச்செடுத்துக் கொடுத்துவிடலாம். மாமா யுபிஐயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவில் தேதியும் தொகையும் இருக்கும்.

குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது 2(47) பிரிவு. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் கேட்க வேண்டும். "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்ற பலகை, குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. ஆனால் பணம் கட்டியவர் மாமா என்பதால், பணத்தை விட மாற்று மிக்சி கேளுங்கள், வேலை சீக்கிரம் முடியும்.

கடை அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் சொல்லுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை சென்னையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் வேலூர் மாவட்டத்திலேயே மனு போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம்.

ஒரே மாதிரி இரண்டு குக்கர் வந்துவிட்டன. ஒன்றைக் கொடுத்துப் பணம் வாங்க முடியுமா? (காட்பாடி வாசகர்)

சட்டப்படி முடியாது. நல்ல பொருளை மனம் மாறித் திருப்பித் தர நம் நாட்டில் சட்ட உரிமை கிடையாது. அது கடையின் விருப்பம். பில் இல்லாமல் கடைக்காரர் தயங்குவதற்குக் காரணம் உண்டு: பணத்தைத் திருப்பித் தந்தால், கட்டிய வரியைக் கணக்கில் சரிக்கட்ட அவர் கிரெடிட் நோட் போட வேண்டும், அதற்குப் பழைய பில் விவரம் தேவை. சீல் பிரிக்காமல் கொண்டுபோய், வேறு பொருளாக மாற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

விலையில் கவனம் தேவை. கொடுத்தவர் 2,400 ரூபாய்க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். இப்போது ஆடித் தள்ளுபடியில் அதே குக்கர் 1,900. ஆதாரம் இல்லாவிட்டால் கடைக்காரர் 1,900-ஐத்தான் வரவு வைப்பார். பில் நம்பர் இருந்தால் 2,400 கேட்கலாம்.

'கிஃப்ட் ரெசிப்ட்' என்கிறார்களே, அது என்ன? (ஆற்காடு வாசகி)

மேற்கு நாட்டுக் கடைகளில் வழக்கமான ஒன்று. விலை மட்டும் மறைத்து, பில் நம்பரும் தேதியும் பார்கோடும் அச்சிட்ட சீட்டு. பரிசோடு அதை வைத்துவிடுவார்கள். பெற்றவர் கொண்டுபோனால், கொடுத்தவர் கட்டிய விலைக்கே வேறு பொருளோ கடை வவுச்சரோ கிடைக்கும். ரொக்கம் தருவது குறைவு.

நம் ஊரில் இது அரிது. பரிசு தருகிறவர்கள் கடையின் விசிட்டிங் கார்டின் பின்னால் பில் நம்பர், தேதி இரண்டையும் எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். வாரன்டி கார்டில் கடை முத்திரை வாங்க மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால், பொருள் தயாரான மாதத்திலிருந்தே வாரன்டியைக் கணக்கிடும் கம்பெனிகள் உண்டு.

துபாயிலிருந்து தம்பி ஆன்லைனில் ஆர்டர் செய்து நேராக எங்கள் வீட்டுக்கு அனுப்பினான். சைஸ் சரியில்லை. (வாலாஜாபேட்டை வாசகி)

ரிட்டர்ன் கோரிக்கையை உங்கள் தம்பிதான் தன் கணக்கிலிருந்து போட வேண்டும், பிக்கப் முகவரியாக உங்கள் வீட்டைத் தர வேண்டும். பணமும் அவர் கட்டிய வழியிலேயே போகும். கெடு, டெலிவரி ஆன நாளிலிருந்து ஓடும். பிறந்தநாள் வரட்டும் என்று பார்சலைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் அது நிற்காது. டேகையும் அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பிக்கப்புக்கு வருகிறவர் அவற்றைத்தான் முதலில் பார்ப்பார்.