சின்ன சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பில்லுக்கு விற்பனையைக் கூட்டுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: 900 சதுர அடிக் கடை சார். பில்லுக்குச் சராசரியா 230 ரூபாய்தான் வருது. புது ஐட்டம் நிறைய இறக்கினா கூடுமா?

பதில்: அந்த 230ஐ வைத்து முடிவெடுக்க வேண்டாம். மாதம் பிறந்ததும் போடுகிற மாதச் சாமான் பில்லும், மாலையில் பாலும் பிரெட்டும் வாங்குகிற பில்லும் கலந்து வந்த எண் அது. 1 முதல் 10ஆம் தேதி வரை தனியாகவும், மற்ற நாட்களைத் தனியாகவும் பிரித்து, பில்லுக்கு எத்தனை பொருள் போகிறது என்று எடுங்கள். பிறகு துவரம் பருப்பு போன பில்களை மட்டும் எடுத்து, அதே சமையலுக்கு வேண்டிய வேறு என்னென்ன அந்தப் பில்களில் இல்லை என்று பாருங்கள். இல்லாததை வீட்டுக்காரர்கள் வேறு கடையில் வாங்குகிறார்கள், அல்லது உங்கள் கடையில் அவர்கள் கண்ணில் படவில்லை. புதுச் சரக்குக்குப் பணம் போடுமுன் இதைச் சரிசெய்யுங்கள்.

அவரே மறுபடி: எடுத்துப் பார்த்தேன் சார். ஒரு வாரத்துல துவரம் பருப்பு 90 பில்லுல இருக்கு. அதுல பெருங்காயம் 14, புளி 19. ரெண்டும் கடைசி வரிசை மசாலா ரேக்குல இருக்கு.

பதில்: பழைய இடத்தைக் கலைக்காமல், பருப்பு ரேக்கிலேயே தரையிலிருந்து மூன்றடிக்கும் ஐந்தடிக்கும் நடுவில் ஒரு தட்டை ஒதுக்குங்கள். கால் கிலோ புளி, சின்ன டப்பா பெருங்காயம், அப்பளம் மூன்றும் போதும். ஒவ்வொன்றிலும் மூன்று பாக்கெட்டாவது முன்வரிசையில் தெரியும்படி அடுக்குங்கள். ஒற்றைப் பாக்கெட்டாக நின்றால் யாரோ வைத்துவிட்டுப் போனது என்று நினைத்து எடுக்க மாட்டார்கள்.

பெரும்பாலும் இது கெடுவது ஒரே இடத்தில்: சரக்கு நிரப்புகிற பையன் பழைய ரேக்கை மட்டும் நிரப்புவான், புதுத் தட்டு மூன்றாம் நாளே காலியாகிவிடும். ‘வைத்துப் பார்த்தோம், போகவில்லை’ என்பார்கள். அந்தத் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதி ஒட்டி, தினமும் கடை திறக்கும்போது பார்க்கச் சொல்லுங்கள்.

பெருங்காயம் போகிற பில் 14லிருந்து 27 ஆனால், டப்பா 40 ரூபாய் என்று வைத்தாலும் வாரம் 520 ரூபாய் கூடும். ஆனால் பெருங்காயம் ஒரு முறை வாங்கினால் பல வாரம் வரும். முதல் இரண்டு வாரம் ஏறி, பிறகு இறங்கலாம். அதனால் ஆறு வாரம் பார்த்து, தட்டு வைப்பதற்கு முந்தைய மாதத்தின் அதே தேதிகளோடு ஒப்பிடுங்கள். புளியும் அப்பளமும் சீக்கிரம் தீரும். அவற்றில் ஏற்றம் குறையாமல் இருந்தால் அது நிலைத்த ஏற்றம்.

கேள்வி: அரிசி, எண்ணெய், பால் மூணையும் கடைசியில வச்சா எல்லாரும் கடை முழுக்கச் சுத்துவாங்க, விற்பனை தானா ஏறும். சரிதானே?

பதில்: எண்ணெய்க்குச் சரி. பாலுக்கு அப்படிச் சொல்ல முடியாது. காலையில் பாலுக்கு மட்டும் வருபவர் உள்ளே நடக்க வேண்டியிருந்தால் பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் போய்விடுவார். பால் ஃப்ரிட்ஜை வாசலுக்கும் பில் கவுண்டருக்கும் நடுவில் பக்கவாட்டில் வைத்து, போகிற வழியில் முட்டை, பிரெட், தோசை மாவு வையுங்கள். அரிசிக்கு மாதிரித் தட்டு மட்டும் ரேக்கில் இருக்கட்டும், 25 கிலோ மூட்டை குடோனிலிருந்து வண்டிக்குப் போகட்டும். மூட்டை நடைபாதையை அடைத்தால், ஒருவர் குனிந்து எடுக்கும்போது மற்றவர் தாண்ட முடியாது. கீழ்த்தட்டு சரக்கு அப்படியே தங்கும்.

கேள்வி: பெரிய கூடையா வாங்கி வச்சா நிறைய எடுப்பாங்களா? நான் இப்பதான் 20 கூடை வாங்கினேன்.

பதில்: உங்கள் கூடைக்கு வேலை உண்டு. இருபதையும் வாசலில் அடுக்காமல், ஐந்தாறைப் பருப்பு வரிசையின் முனையில் வையுங்கள். ஒன்றே ஒன்று வாங்க வந்தவருக்கு உள்ளே போனபின்தான் இரண்டு கையும் நிறையும், அங்கே கூடை இல்லாவிட்டால் அதோடு பில்லுக்குப் போய்விடுவார்.

கேள்வி: சாம்பார் பொடி ஏழு கம்பெனி வச்சிருக்கேன். எதை எடுக்கலாம்?

பதில்: கடைசி 60 நாள் விற்பனையில் அடியில் இருக்கும் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எடுக்குமுன் அந்த மூன்றும் எந்தப் பில்லில் போனது என்று பாருங்கள். மாதம் நான்கே பாக்கெட் போனாலும், நான்கும் 3,000 ரூபாய்ப் பில்லில் போயிருந்தால் அது இருக்கட்டும். அந்தப் பொடி இல்லையென்று அந்த வீடு மொத்தச் சாமானையும் வேறு கடைக்கு மாற்றிவிடலாம்.

கேள்வி: வரிசை முனை ரேக்குக்கு பிஸ்கட் கம்பெனி மாசம் 1,500 ரூபா தர்றாங்க. விக்காததைத் திருப்பியும் எடுத்துக்கிறாங்க. நஷ்டம் எங்க வருது?

பதில்: இப்போது அந்த முனையில் இருக்கும் சரக்கு மாதம் எவ்வளவு லாபம் தருகிறது என்று முதலில் எடுங்கள். அது 2,200 என்றால், 1,500 வாடகையோடு அங்கே கூடுதலாக விற்கும் பிஸ்கட்டின் லாபமும் சேர்ந்து 2,200ஐத் தாண்ட வேண்டும். பழைய பிஸ்கட் ரேக்கில் விற்றதே இடம் மாறி முனையில் விற்றால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். திருப்பி எடுப்பது உங்களுக்குச் சாதகம்தான், அதை மறுக்கவில்லை. பள்ளிக்கூடம் பக்கத்தில் உள்ள கடைக்கு இது கட்டுப்படியாகலாம், மாதச் சாமான் கடைக்குக் கட்டுப்படியாகாமல் போகலாம். ஆண்டு ஒப்பந்தம் போடாமல், ஒரு மாதத்துக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள்.