முதல் கப்பல் பயணம்: எந்த கேபின், எந்தக் கரைச் சுற்றுலா?

கேள்வி: "முதல்முறையாகக் கப்பலில் ஏழு இரவு மத்தியதரைக் கடல் பயணம் போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகள். பஸ்ஸில் ஏறினாலே மனைவிக்குக் குமட்டும். எந்த கேபின் எடுப்பது? சாந்தோரினி, ரோம் இரண்டிலும் சுற்றுலாவைக் கப்பலிலேயே பதிவு செய்ய வேண்டுமா? டிக்கெட்டுக்கு மேல் என்னென்ன செலவு வரும்?"

பால்கனியா, ஜன்னலா, உள் அறையா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கேபின் கப்பலின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குமட்டல் வருகிறவருக்கு அதுதான் கணக்கு.

அலையில் கப்பல் இரண்டு விதமாக ஆடும். ஒன்று, முன்பக்கமும் பின்பக்கமும் மாறி மாறி ஏறி இறங்குவது. சீசா பலகையில் நடுவில் உட்கார்ந்தவன் அசையாமல் இருப்பான், நுனியில் இருப்பவன்தான் தூக்கிப் போடப்படுவான்; இதுவும் அப்படித்தான். இன்னொன்று, இடமும் வலமுமாகச் சாய்வது. இதில் உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும். கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் மீன் துடுப்பு போல நீட்டியிருக்கும் தகடுகள் இந்தச் சாய்வை நன்றாகக் குறைத்துவிடும். முன்பின் ஆட்டத்தை அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே நீளவாக்கில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்த் தளங்கள். இந்த இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்றால் நடுப்பகுதியை விடாதீர்கள். மேல் தளத்தின் முன்முனையில் உள்ள விலையுயர்ந்த அறையைவிடக் கீழ்த் தளத்தின் நடுவில் உள்ள சாதாரண ஜன்னல் அறை உங்கள் மனைவிக்கு நல்லது. உள் அறை மலிவுதான். ஆனால் தொடுவானத்தைப் பார்த்தால் குமட்டல் தணியும் என்பதால், அவருக்காக ஜன்னலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. பால்கனிக்கு அதற்கு மேலும் கொடுப்பது ஆசையைப் பொறுத்தது.

"கேரண்டி" என்ற பெயரில் விலை குறைத்து ஓர் அறை விற்பார்கள். வகை மட்டும் உறுதி. எந்த அறை என்பதை நிறுவனமே பிறகு முடிவு செய்யும். உங்கள் நிலையில் அதைத் தொட வேண்டாம்.

பணம் கட்டும் முன் டெக் வரைபடத்தைத் திறந்து, உங்கள் அறைக்கு நேர் மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலும் கீழும் கேபின்களே இருந்தால் நிம்மதி. நீச்சல் குளத் தளத்துக்குக் கீழே படுத்தால், விடிவதற்கு முன்பே சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்தும் சத்தம் தலைக்கு மேல் தொடங்கிவிடும், நான் பட்டிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்பதும் வரைபடத்தில் தெரியும்.

சின்னரிசைன், மெக்லிசின் போன்ற மாத்திரைகளைக் குமட்டல் தொடங்கும் முன்பே போட வேண்டும். தொடங்கிய பிறகு போட்டால் பெரிய பலன் இருக்காது. தூக்கம் வரவழைக்கும், வேறு மருந்துகளோடு சேராமலும் போகலாம், எனவே கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

இனி கரை. எல்லாத் துறைமுகத்துக்கும் ஒரே விதி வைத்துக்கொள்ளாதீர்கள். சாந்தோரினியும் ரோமும் அதற்கு நல்ல உதாரணங்கள்.

சாந்தோரினியில் பெரிய கப்பல்கள் கரையோடு அணைவதில்லை. கடலில் நின்றபடி சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். கப்பலில் ஆட்டமே தெரியாத நாளில்கூட அந்தப் படகு ஆடும், மாத்திரைக்கு உரிய நாள் அதுதான். கப்பல் வழியே சுற்றுலா எடுத்தவர்களைப் பெரும்பாலும் முதலில் இறக்கி அதினியோஸ் துறைமுகத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் மலையேறும். மனைவிக்கு முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். தனியாகப் போகிறவர்களுக்கு எண் போட்ட சீட்டு தருவார்கள். முறை வந்ததும் ஃபிரா ஊருக்குக் கீழே உள்ள பழைய துறைமுகத்தில் இறங்கி, கேபிள் காரிலோ ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளிலோ மேலே ஏற வேண்டும். திரும்பும்போது பெரும்பாலும் இரு சாராருக்கும் அதே கேபிள் கார்தான். பல கப்பல்கள் ஒன்றாக வந்த நாளில் அங்கே வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டும். கடைசிப் படகின் நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டு மேலே சுற்றுங்கள். கோடையில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று பலமாக அடித்தால் படகுகளை நிறுத்திவிட்டுக் கப்பல் அப்படியே போய்விடும். கப்பலின் சுற்றுலா என்றால் பணம் திரும்ப வரும். வெளியே பதிவு செய்திருந்தால், "கப்பல் வராவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்ற வரி அவர்கள் நிபந்தனையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்திருக்க வேண்டும்.

ரோம் வேறு கதை. கப்பல் நிற்பது சிவிதவெக்கியாவில். ரோம் அங்கிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். காலை 7 மணிக்குக் கப்பல் அணைந்தால் 7.30-க்கு இறங்கலாம். துறைமுகப் பஸ், ரயில் நிலையம், ரயில் எல்லாம் சேர்ந்து ரோமில் கால் வைக்க 9.30 ஆகும். மாலை 5.30-க்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்றால், ஒரு ரயில் தவறினாலும் சமாளிக்க 2.30-க்கே ரோமிலிருந்து கிளம்ப வேண்டும். கையில் மிஞ்சுவது ஐந்து மணி நேரம். தனியாகப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் நீங்களே போய்ச் சேர வேண்டும். கப்பலின் பஸ்ஸே தாமதித்தால் அது அவர்கள் பொறுப்பு. வழிகாட்டி இல்லாமல் ரோமில் இறக்கிவிட்டு, குறித்த நேரத்தில் திரும்ப ஏற்றிவரும் பஸ்ஸைப் பல கப்பல்கள் விற்கின்றன. முழுச் சுற்றுலாவைவிட மலிவு. குழந்தையோடு முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

செலவில் பெரியது டிப்ஸ். பல நிறுவனங்கள் நபருக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 டாலர் வரை கப்பலில் உங்கள் பெயரில் இருக்கும் செலவுக் கணக்கில் தாமாகவே ஏற்றிவிடும். 16 டாலர் என்று வைத்தால் மூன்று பேருக்கு ஏழு இரவுக்கு 336 டாலர். குழந்தைக்கும் முழுத் தொகையா, டிக்கெட்டிலேயே அடக்கமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். பானங்களின் விலையோடு 15 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்க்கும் கப்பல்களும் உண்டு. இணையத்துக்குப் பெரும்பாலும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் கட்டணம், கப்பல் மருத்துவருக்கும் தனிக் கட்டணம். கடல் பயணத்தையும் சேர்த்து ஏற்கும் பயணக் காப்பீடு எடுங்கள்.

பலர் கவனிக்காதது செல்பேசி. கரை மறைந்ததும் அது கப்பலின் சொந்த நெட்வொர்க்கைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். வழக்கமான வெளிநாட்டு ரோமிங் திட்டங்களில் இது பெரும்பாலும் அடங்காது. நீங்கள் எதையும் திறக்காமலே பின்னணியில் ஓடும் செயலிகள் பில்லை ஏற்றிவிடும். கிளம்பியதும் ஏரோபிளேன் மோடுக்கு மாற்றிவிட்டு வைஃபையை மட்டும் இயக்குங்கள், மகளின் டேப்லெட் உட்பட.

கப்பலின் செலவுக் கணக்குக்கு டெபிட் கார்டு கொடுக்காதீர்கள். செலவு நடக்கும் முன்பே ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். பயணம் முடிந்து பல நாள் கழித்துத்தான் அது விடுபடும். கிரெடிட் கார்டு கொடுத்து, பில்லை அறைத் தொலைக்காட்சியிலோ கப்பலின் செயலியிலோ ஓரிரு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். தவறாக ஏறியது ஏதும் இருந்தால் கடைசி இரவுக்கு முன்பே வரவேற்பு மேசைக்குப் போய்விடுங்கள். இறங்கும் நாள் காலையில் அங்கே நிற்கும் வரிசை கேபிள் கார் வரிசைக்குச் சளைத்ததல்ல.