வேலையில் நீடிப்பவரிடம் என்ன கேட்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோவையில் பம்பு உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். நல்ல ஆட்கள் விலகுவதற்கு முன்பே அவர்களுடன் பேசிப் பார்க்கும் ‘ஸ்டே இன்டர்வியூ’வைத் தொடங்கினேன். ஏதாவது குறை உண்டா என்று கேட்டால், “ஒன்றும் இல்லை சார், நன்றாகத்தான் போகிறது” என்றே எல்லோரும் சொல்கிறார்கள். வேறு எப்படிக் கேட்பது?

மேலதிகாரி குறை கேட்கும்போது இல்லை என்று சொல்வதுதான் யாருக்கும் பாதுகாப்பு. ஆகவே கருத்தைக் கேட்பதை விட்டு, நடந்ததைக் கேளுங்கள்: “வேறு வேலை பார்க்கலாமா என்று கடைசியாக எப்போது தோன்றியது? அன்று என்ன நடந்தது?” அப்படி ஒரு நாள் எல்லோருக்கும் வந்திருக்கும் என்பதைக் கேள்வியே ஒப்புக்கொண்டுவிடுவதால், பதில் சொல்பவருக்கு விசுவாசமற்றவராகத் தோன்றுவோமோ என்ற கூச்சம் குறைகிறது.

இந்தக் கேள்விக்கு ஆய்வுப் பின்புலமும் உண்டு. தாமஸ் லீ, டெரன்ஸ் மிட்செல் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1994இல் முன்வைத்த விளக்கத்தின்படி, எல்லோரும் மனக்குறை சிறிது சிறிதாகச் சேர்ந்து விலகுவதில்லை. பலரை ஒரு குறிப்பிட்ட சம்பவம்தான், வேலையிடத்திலோ வீட்டிலோ நடந்தது, ‘இங்கே இருக்கத்தான் வேண்டுமா’ என்று யோசிக்க வைக்கிறது.

உங்களுடையதைப் போன்ற ஓர் ஆலையில், அனுபவம் மிக்க சிஎன்சி புரோகிராமர் ஒருவரிடம் இப்படிக் கேட்கப்பட்டபோது நான் உடனிருந்தேன். முதலில் ஷிப்ட் நேரத்தைப் பற்றி ஏதோ சொன்னவர், பிறகு வாடிக்கையாளர் நிறுவனத்தின் தணிக்கைக் குழு வந்த நாளைப் பற்றிப் பேசினார். பம்பின் சுழலும் பாகமான இம்பெல்லர் ஒன்றைச் செய்து முடிக்க ஆகும் சைக்கிள் டைமை 14 நிமிடத்திலிருந்து 11 நிமிடமாகக் குறைத்த புரோகிராமை எழுதியவர் அவர். ஆனால் அதைக் குழுவினருக்கு விளக்கியவரோ சேர்ந்து நான்கே மாதமான பொறியாளர். அந்த வாரமே புரோகிராமர் தம் பயோடேட்டாவைப் புதுப்பித்துவிட்டார். மேலாளர் காரணம் சொல்லிச் சமாளிக்கவில்லை, “அதற்குப் பிறகும் போகாமல் இருந்தது எதனால்?” என்று மட்டும் கேட்டார். புதிய ஐந்து அச்சு இயந்திரம் வரப்போகிறது, அதைக் கற்றுக்கொண்ட பிறகு பார்க்கலாம் என்று நினைத்தாராம்.

அந்த ஒரு பதிலில் அவரைப் பிடித்து வைத்திருப்பதும், அந்தப் பிடி எப்போது தளரும் என்பதும் சேர்ந்தே வந்துவிட்டன. அடுத்த தணிக்கையில் அவருடைய வேலையை அவரே விளக்குவது என்றும், பயிற்சி முடிந்ததும் அந்த இயந்திரத்தின் பொறுப்பு அவருக்கே என்றும் முடிவானது. இயந்திரம் வருவது தள்ளிப்போனால் அதை முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும் என்று மேலாளரிடம் நான் வற்புறுத்தினேன். அடுத்த சம்பவம் அதுவாகவே அமைந்துவிடக் கூடும்.

இந்த உரையாடலை ஆண்டு மதிப்பீட்டுடன் சேர்த்து, மனிதவளத் துறையே நடத்தலாமா?

இரண்டும் வேண்டாம். மதிப்பீட்டு அறைக்குள் வருபவரின் மனம் முழுவதும் ஊதிய உயர்விலேயே இருக்கும். அங்கே சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அவர் எடைபோட்டுத்தான் சொல்வார். ஏப்ரலில் ஊதிய உயர்வு தரும் நிறுவனமானால் இதை ஆகஸ்ட், செப்டம்பரில் வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட், விடுப்பு, யாருக்கு எந்த வேலை என்பவற்றைத் தீர்மானிப்பவர் நேரடி மேலாளர் என்பதால் கேட்க வேண்டியவரும் அவரே. அவரே பிரச்சினையாக இருக்கும் இடத்தில் மட்டும், அவருக்கு மேலே உள்ளவர் கேட்கட்டும்.

“சம்பளம்தான் சார்” என்று சொல்லிவிடுகிறார்கள். அது என் அதிகாரத்தில் இல்லை. என்ன சொல்வது?

“பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்பவரும் உண்டு, மறுப்பாக எடுத்துக்கொள்பவரும் உண்டு. உங்களால் எதுவரை முடியும், யாரிடம் பேசுவீர்கள், எந்தத் தேதிக்குள் பதில் சொல்வீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பதில் ‘இல்லை’ என்றாலும் அந்தத் தேதியில் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு, “சம்பளம் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம், வேறு எது உங்களைப் போக வைக்கும்?” என்று கேளுங்கள். சம்பளத்தைச் சொல்வது எளிது என்பதால் அதைச் சொல்லி நிறுத்தியவர்கள் இங்கேதான் வாய் திறப்பார்கள்.

சம்பளம் என்பதிலும் இரண்டு வகை உண்டு. தொகை போதவில்லை என்பது ஒன்று. நேற்றுச் சேர்ந்தவருக்கு என்னைவிட அதிகம் என்பது இன்னொன்று. இரண்டாவது வகையானால் விவரத்தை மனிதவளத் துறைக்கு எழுத்தில் அனுப்புங்கள். அது தனி ஒருவருடைய கோரிக்கை அல்ல, உங்கள் ஊதிய அமைப்பில் உள்ள கோளாறு.

எல்லோரிடமும் கேட்க வேண்டுமா?

யார் போனால் வேலை நின்றுவிடுமோ அவர்களிடமிருந்து தொடங்கலாம். ஆனால் அவர்களோடு நிறுத்தினால் மற்றவர்களுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். குறிப்பு எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். எழுதியதை அவருக்குக் காட்டிவிட்டு எழுந்திருங்கள்.