குறுக்கிடுவதற்கு முன் கேட்க வேண்டியது

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருவர் திருநங்கை. கூட்டங்களில் சிலர் இன்னமும் அவரைப் பழைய பெயரில்தான் அழைக்கிறார்கள். நான் குறுக்கிட்டால் அவர் பேச வேண்டியதை நான் பேசிவிடுவது போலவும், சும்மா இருந்தால் கைவிட்டது போலவும் இருக்கிறது. பெண்களை விரும்பும் ஆண் நான். பிறந்தபோது குறித்த பாலினத்திலேயே வாழ்கிறேன். எதுவரைக்கும் நான் பேசலாம்?

பதில்: அந்த எல்லையை அவரிடமே, அடுத்த கூட்டத்துக்கு முன்பே, தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். “நான் உங்களுக்கு என்ன செய்யட்டும்?” என்று பொதுவாகக் கேட்டால், யோசிக்கும் சுமையும் அவர் தலையிலேயே விழும். “யாராவது பழைய பெயரைச் சொன்னால் நான் அங்கேயே திருத்தட்டுமா, பிறகு அவர்களிடம் தனியாகச் சொல்லட்டுமா, இல்லை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்டால், அவர் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியும். யார் யார் முன்னிலையில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். குழுவுக்குள் புதிய பெயரில் இருக்கும் ஒருவர், வாடிக்கையாளர்களிடமோ வீட்டாரிடமோ இன்னும் அதைச் சொல்லாமல் இருக்கலாம். அந்த இடத்தில் நீங்கள் நல்லெண்ணத்தோடு திருத்துவதே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அங்கேயே திருத்தச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயர் கயல் என்றும் கொள்வோம். மேலாளர் பழைய பெயரைச் சொல்லி, “அவன் அறிக்கையை அனுப்பிவிட்டான்” என்கிறார். நீங்கள், “ஆமாம், கயல் நேற்றே அனுப்பிவிட்டார். கயல், மூன்றாம் பக்கக் கணக்கை நீங்களே விளக்கிவிடுங்களேன்” என்கிறீர்கள். திருத்தம் ஒரு வாக்கியத்தில் முடிந்தது. அடுத்த வாக்கியத்தில் பேச்சு அவர் கைக்குப் போய்விட்டது, அதுவும் அவருடைய வேலையைப் பற்றிய பேச்சாக. இதற்கு மாறாகப் பாலினம் பற்றி அங்கேயே ஐந்து நிமிடம் விளக்கத் தொடங்கினால், அறையிலுள்ள அத்தனை கண்களும் அவர் மீது திரும்பும். “பரவாயில்லை, விடுங்கள்” என்று அவரே அனைவரையும் சமாதானப்படுத்த வேண்டி வந்தால், நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று அறிந்துகொள்ளலாம். நம் மொழியில் ‘அவர்’ என்ற சொல் பாலைக் காட்டுவதில்லை என்பது ஒரு வசதி; ஆனால் ‘சார்’, ‘தம்பி’, ‘அண்ணா’ ஆகியவை காட்டிவிடும் என்பதால் பெயரோடு அவற்றுக்கும் காதுகொடுங்கள்.

“வேண்டாம்” என்று அவர் சொன்னால், உங்களுக்கு எவ்வளவு வலித்தாலும் கூட்டத்தில் வாய் திறக்காதீர்கள். அந்தத் திருத்தத்துக்குப் பிறகு மேலாளரின் கோபத்தைச் சந்திக்கப்போவது அவர்தான். அதன் விலையும் அவருக்குத்தான் தெரியும். சில மாதங்கள் கழித்தோ மேலாளர் மாறும்போதோ மறுபடியும் கேளுங்கள், அவ்வளவே.

அவர் இல்லாத இடத்தில்தான் உங்கள் குரலுக்கு அதிக வேலை இருக்கிறது. உணவு இடைவேளையில் ஒருவர், “இதெல்லாம் மனநோய்தானே” என்கிறார். உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை 1990-இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது என்பதையும், 2019-இல் ஏற்கப்பட்ட புதிய பட்டியலில் திருநர் அடையாளம் மனநோய்களின் பகுதியில் இல்லை என்பதையும் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். யார் சொன்னாலும் மாறாத தகவல் அது. ஆனால் அதே ஆள் அடுத்ததாக, “அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாரா? வீட்டில் ஏற்றுக்கொண்டார்களா?” என்று கேட்டால், “அது அவருடைய சொந்த விஷயம், நான் பேசுவதற்கில்லை” என்று நிறுத்திவிடுங்கள். பதில் தெரிந்திருந்தாலும் இதையே சொல்லுங்கள்.

இதை நான் தவறு செய்துதான் கற்றேன். ஒரு பயிற்சி வகுப்பில், கேட்பவர்கள் மனம் இளக வேண்டும் என்று, நண்பர் ஒருவர் வீட்டை விட்டு வெளியேறிய கதையைப் பெயர் சொல்லாமல் சொன்னேன். அவர் வயதும் தொழிலும் அந்தக் கதையில் இருந்தன. முன்வரிசையில் இருந்த ஒருவருக்கு அது யார் என்று உடனே புரிந்துவிட்டது. பெயரை மறைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து பிறருடைய அனுபவத்தை, அவர் வாய் திறந்து சம்மதித்தாலொழிய, நான் எடுத்துச் சொல்வதில்லை.

உங்கள் அலுவலகத்திலும் ஒருநாள் இது குறித்து உங்களைப் பேச அழைக்கலாம். திருநர்களையே அழைக்கச் சொல்லுங்கள்; அவர்களுக்கு உரிய ஊதியம் தரச் சொல்லுங்கள். கயலின் பெயரை மட்டும் அவரைக் கேட்காமல் பரிந்துரைக்காதீர்கள். அவர் அங்கே கணக்குப் பார்க்க வந்தவர்; பாலினப் பாடம் நடத்த ஒப்புக்கொண்டவர் அல்லர்.