மைனஸ் 1.2 சொல்வதும், கட்டணமில்லாக் காப்பு மறைப்பதும்

கேள்வி: மூன்று மாதத்தில் எங்களுக்குப் பத்து லட்சம் யூரோ வரவிருக்கிறது, தேவையோ டாலர். முன்பேர விலை 1.1000. வங்கி அனுப்பிய தாளில் ஏடிஎம் 8.0, 25 டெல்டா ரிஸ்க் ரிவர்சல் −1.2, பட்டர்ஃப்ளை 0.3 என்று இருக்கிறது. யூரோ விழும் என்று சந்தை சொல்கிறதா? 1.0685க்குக் கீழே போனால் காப்பு, 1.1150க்கு மேல் கிடைக்கும் ஆதாயம் வங்கிக்கு, கட்டணம் ஏதுமில்லை என்று ஒரு திட்டமும் தருகிறார்கள். ஏற்கலாமா?

பதில்: யூரோ விழும் என்று அந்தத் தாள் சொல்லவில்லை. யூரோ விழுந்தால் காப்பாற்றும் ஆப்ஷனான புட்டுக்கு, உயர்ந்தால் பலன் தரும் ஆப்ஷனான காலைவிடக் கூடுதல் விலை கேட்கிறார்கள் என்பதே −1.2இன் பொருள். வெள்ளம் வரும் என்று யாரும் கணிக்காத ஊரிலும், காப்பீடு கேட்போர் பெருகினால் பிரீமியம் ஏறும். எனவே எண் மைனஸா என்பதைவிட, கடந்த ஓராண்டில் அதே எண் எங்கே இருந்தது என்பதே பயனுள்ள கேள்வி. −0.3இலிருந்து −1.2க்கு வந்திருந்தால் அச்சம் கூடியிருக்கிறது, வழக்கமாகவே −1.2 என்றால் அதில் செய்தி ஏதுமில்லை.

இப்போது எண்களைப் பிரிப்போம். ஏடிஎம் என்பது நடுவிலுள்ள ஆப்ஷனின் வாலட்டிலிட்டி. அதாவது ஓராண்டுக்கு எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும் என்று வைத்து விலை போடுகிறார்கள் என்பதைக் காட்டும் சதவீதம். அதனுடன் பட்டர்ஃப்ளையைக் கூட்டி, ரிஸ்க் ரிவர்சலில் பாதியை ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் கழித்தால் இரு பக்க விலையும் கிடைக்கும். புட்டுக்கு 8 + 0.3 + 0.6 = 8.9, காலுக்கு 8 + 0.3 − 0.6 = 7.7. 25 டெல்டா என்றால், யூரோ நகரும்போது அதில் நான்கில் ஒரு பங்கு அளவே விலை நகரும் ஆப்ஷன். இந்த 25 டெல்டா புட்டின் உரிமை விலை, அதாவது யூரோவை விற்கும் உரிமை தரும் விலை, ஏறத்தாழ 1.0685; காலுடையது, அதாவது வாங்கும் உரிமை தரும் விலை, 1.1298. வட்டியை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், உங்கள் தொகைக்குப் புட் சுமார் 7,500 டாலர், கால் சுமார் 6,200 டாலர். அதே புட்டுக்கு 8.0ஐயே வைத்தால் 5,900தான் வரும். மிகுந்த 1,600இல் ஏறத்தாழ 500 பட்டர்ஃப்ளையால் வருவது, அதாவது எந்தப் பக்கமானாலும் பெரிய நகர்வுக்குக் கொடுக்கும் விலை. மீதி 1,100 சந்தையின் சாய்வுக்கான விலை.

ஆனால் 1.0685 என்பது முன்பேர விலையிலிருந்து மூன்று சதவீதம்கூட விலகவில்லை. உண்மையான வால் நகர்வின், அதாவது அரிதாக வரும் மிகப் பெரிய நகர்வின், விலை தெரிய வேண்டுமானால் 10 டெல்டா எண்களைக் கேளுங்கள். பெரும்பாலான தாள்களில் அது இருப்பதில்லை. கேட்டால் ‘அது உங்களுக்குத் தேவையில்லை’ என்பார்கள். தேவை என்று சொல்லுங்கள்.

அந்தக் ‘கட்டணமில்லாத’ திட்டம் உண்மையில் நீங்கள் ஒரு புட்டை வாங்கி ஒரு காலை விற்பதுதான். நீங்கள் வாங்கும் புட் 7,500 டாலர் பெறும். அதற்கு ஈடாக விற்கும் கால் 1.1250 அளவில் இருந்தால் போதும். வங்கி கேட்பது 1.1150. அந்தக் கால் சுமார் 10,700 டாலர் பெறும். ஆக, கட்டணம் இல்லை என்ற பெயரில் 3,200 டாலர் அளவுக்குக் கை மாறுகிறது. வங்கிக்குச் சிறு லாபம் நியாயம்தான்; அதைச் சொல்லாமல் உரிமை விலைக்குள் புதைப்பது நியாயமில்லை. தாளின் எண்களைக் கையில் கொடுத்துவிட்டு அவற்றைக் கூட்டிக் கழிக்கக் கற்றுத்தராத இந்த வழக்கம் எனக்குச் சலிப்பூட்டுகிறது. இடைத்தரகர் மூலம் வந்திருந்தால் அவருடைய பங்கும் அந்த 3,200க்குள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மேலே செய்த கூட்டல் எல்லா இடத்திலும் பொருந்தாது. தரகர்கள் சொல்லும் பட்டர்ஃப்ளை பெரும்பாலும் இரு பக்கச் சராசரியிலிருந்து வந்ததன்று. கால், புட் இரண்டுக்கும் ஒரே வாலட்டிலிட்டியை வைத்து, இரண்டும் சேர்ந்த மொத்த பிரீமியத்தைச் சரிக்கட்டும் எண் அது. உங்கள் தாளில் 8.3 என்ற ஒரே எண்ணால் இரண்டுக்கும் உரிமை விலை கண்டு, கிடைக்கும் மொத்த விலையே பேரம்; பிறகு அந்த உரிமை விலைகளில் உண்மையான 8.9, 7.7 வளைவால் விலை போட்டால் அதே மொத்தம் வர வேண்டும். சாய்வு சிறிதாக இருக்கும்போது இரண்டு முறையும் ஏறத்தாழ ஒன்றே. சாய்வு பெரிதானால், அதாவது ரிஸ்க் ரிவர்சல் ஏடிஎம்மில் பாதியை நெருங்கும் நாணயங்களில், இரண்டும் பிரிந்துவிடும். அங்கே எளிய கூட்டலில் கிடைக்கும் புட் விலையை நம்பிப் பேரம் பேசினால் தவறான இடத்தில் நிற்பீர்கள். உங்கள் −1.2 அந்த அளவுக்குப் பெரிதன்று.

வங்கிக்கு எழுதும்போது புட்டின் விலையையும் காலின் விலையையும் ஒரே நேரத்தில் தனித்தனியே கேளுங்கள். ரிஸ்க் ரிவர்சல் கால் கழித்தல் புட்டா, புட் கழித்தல் காலா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்; சிலர் குறியே போடாமல் ‘1.2, புட் பக்கம்’ என்று மட்டும் எழுதுகிறார்கள். காலை 1.1250 பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள், 1.1220க்குக் கீழே நிற்பார்களானால் இன்னொரு வங்கியிடம் விலை கேளுங்கள்.