பில்லிலும் பாக்கெட்டிலும் கியூஆர் கோடு: கேள்வி பதில்

கிருஷ்ணகிரியில் லேபிளும் பில் ரோலும் அச்சிட்டுத் தரும் தொழிலில் இருக்கிறேன். அடிக்கடி வரும் கேள்விகள் இவை.

"அண்ணா, பில்லுல இன்ஸ்டாகிராம் கோடு அடிச்சோம். பாதிப் பேருக்கு ஸ்கேன் ஆகல. பில் மெஷினை மாத்தணுமா?" (பாலக்கோடு, பேக்கரி)

மெஷினைத் தொடும் முன் கோடுக்குள் இருக்கும் லிங்க்கைப் பாருங்கள் தம்பி. ஆப்பில் ஷேர் அழுத்தி எடுத்த லிங்க்கின் வாலில் `?igsh=` என்று தொடங்கி ஒரு நீளமான எழுத்துக் குவியல் இருக்கும். உங்கள் பக்கத்தைத் திறக்க அது தேவையே இல்லை. லிங்க் நீண்டால் கோட்டில் கட்டங்கள் கூடும். அதே இடத்தில் கூடுதல் கட்டங்கள் என்றால் ஒவ்வொன்றும் பொடியாகிவிடும்.

வாலை வெட்டி `https://instagram.com/` என்பதோடு 12 எழுத்துப் பெயர் மட்டும் வைத்தால் மொத்தம் 34 எழுத்துதான். கோடு எவ்வளவு சேதம் தாங்கும் என்பதைத்தான் லெவல் என்கிறோம்; எம் லெவலில் கோட்டின் ஒரு ஓரத்துக்கு 29 கட்டம். வாலோடு சேர்ந்து 70 எழுத்தைத் தாண்டினால் 37 கட்டம் ஆகிவிடும்.

சாதாரண பில் மெஷின் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி அடிக்கும். ஒரு கட்டத்துக்கு 6 புள்ளி என்று முழு எண்ணாக வைத்தால் கோடு ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் வரும். ஐந்தரை, ஆறே கால் என்று அரைகுறையாக நீட்டினால் கட்டங்களின் ஓரம் கலைந்துவிடும். சுற்றிலும் 4 கட்ட அகலம் வெள்ளையாக விடுங்கள், ஜிஎஸ்டி எண்ணை அதில் நுழைக்காதீர்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் கோட்டின் குறுக்கே வெள்ளைக் கீற்று விழுந்தால், அப்போது மெஷினின் ஹெட்டைத் துடையுங்கள்.

"ஹெச் லெவல் வெச்சா நடுவுல லோகோ எவ்வளவு பெருசா வேணாலும் வைக்கலாம்தானே?" (ஓசூர்)

பாதி சரி. ஹெச் லெவல் சுமார் 30 சதவீதச் சேதத்தைத் தாங்கும். ஆனால் அதே 34 எழுத்துக்கு 29 கட்டம் போய் 33 ஆகிவிடும். லோகோ மறைப்பதும் சேதக் கணக்கில்தான் சேரும். அப்புறம் பாக்கெட் கசங்கினால் தாங்க மிச்சம் இருக்காது. அட்டைப்பெட்டியில் சின்ன லோகோ வைக்கலாம். பில்லில் வேண்டவே வேண்டாம்.

"மாங்காய்த் தொக்கு பவுச்சுல 'ஃபாலோ பண்ணுங்க'ன்னு போட்டும் யாரும் வரல. பத்து ரூபாய் தள்ளுபடி குடுக்கலாமா சார்?" (காவேரிப்பட்டணம்)

தள்ளுபடிக்கு வருபவர் வாங்கிய கையோடு விலகிவிடுவார் அம்மா. பவுச்சைக் கையில் வைத்திருப்பவருக்கு அடுத்து என்ன தெரிய வேண்டும் என்று யோசியுங்கள். உங்கள் தொக்கு காய் வரத்து இருக்கும்போது மட்டும் போடுவது, தீர்ந்தால் அடுத்த முறை வரை கிடையாது. அதனால் கோட்டுக்கு மேலே இப்படி எழுதுங்கள்: "அடுத்த தொக்கு போடும் நாளை இங்கேதான் முதலில் சொல்வோம்." இருந்துகொண்டே இருக்க இது ஒரு காரணம். ஆனால் சொன்னபடி பக்கத்தில் முதலில் சொல்லியே ஆக வேண்டும். கடைக்காரர்களுக்குப் போனில் சொல்லிவிட்டு மறுநாள் பக்கத்தில் போட்டால் அந்த வரி பொய்யாகிவிடும். பக்கத்தின் மேலே போன முறை போட்ட நாளை நிறுத்தி வையுங்கள், வருபவர் வெறும் சுவரைப் பார்க்கக் கூடாது.

இன்னொன்று: உங்கள் பவுச்சில் பழுப்புத் தாளில் மஞ்சள் கோடு இருக்கிறது. வெள்ளைச் சதுரம் போட்டு அதன்மேல் கறுப்பில் அடியுங்கள். ஜிப் மடிப்பும் அடி வளைவும் இல்லாத தட்டையான இடமாகப் பாருங்கள்.

"கடையில ஜிபே கோடு ஒட்டியிருக்கே, அதுவே போதாதா?" (தருமபுரி, மளிகை)

அது பணத்துக்கு ஐயா, பக்கத்துக்குப் போகாது. ஆனால் நல்ல இடத்தைத் தொட்டீர்கள். நம் ஊரில் கோடு என்றாலே பணம் கட்டத்தான் என்று கை பழகிவிட்டது. பில்லில் இருப்பதையும் பணம் கட்டும் ஆப்பில் காட்டுவார்கள், பிழை என்று வரும், விட்டுவிடுவார்கள். "பணம் கட்ட அல்ல, போன் கேமராவில் காட்டுங்கள்" என்று கோட்டை ஒட்டியே தமிழில் போடுங்கள்.

"இலவசமா கோடு போட்டுத் தர்ற சைட் எல்லாம் நம்பலாமா?" (ஊத்தங்கரை)

நான் ஒரு முறை பட்டேன். ஒரு சைட்டில் எடுத்த கோட்டை 5,000 பவுச்சில் அடித்துக் கொடுத்தேன். இலவசக் காலம் முடிந்ததும் ஸ்கேன் செய்தவர்களுக்குச் சந்தா கட்டச் சொல்லும் பக்கம் வந்தது. கோட்டுக்குள் இருந்தது அந்த சைட்டின் லிங்க், எங்கள் லிங்க் இல்லை. அச்சுக்கு முன் கேமராவில் காட்டி, திரையில் தெரியும் முகவரியைப் படியுங்கள். அதில் instagram.com இருக்க வேண்டும், அல்லது நீங்களே வாங்கிய பெயர் இருக்க வேண்டும். நேரடி லிங்க் என்றால் பிறகு பக்கத்தின் பெயரை மாற்றாதீர்கள், அச்சடித்ததெல்லாம் வீணாகும்.

"எங்க வாடிக்கையாளர் யாரும் இன்ஸ்டாகிராம்ல இல்ல. வாட்ஸ்அப் சேனலுக்கு கோடு வெச்சா?" (பென்னாகரம், ராகி முறுக்கு)

இன்ஸ்டாகிராம் ஆப் இல்லாத போனில் லாகின் கேட்டு நிறுத்திவிடும், அந்தத் தொல்லை சேனலில் குறைவு. ஆனால் முறுக்கு சுடும் வீடியோவைப் புது ஆளுக்குக் கொண்டுபோய்க் காட்டுவது இன்ஸ்டாகிராம்தான். உங்களுக்கு எது என்று எனக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு பாக்கெட்டில் இரண்டு கோடு மட்டும் வேண்டாம். 200 பாக்கெட்டில் ஒன்று, அடுத்த 200-ல் மற்றது என ஸ்டிக்கராக ஒட்டி, ஒவ்வொன்றும் விற்று முடியும்வரை எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எழுதி வையுங்கள். பவுச் அச்சு அதற்கு அப்புறம்.